காரணமே தெரியாம வாரக்கணக்கா வர்ற தடிப்பு: அடிக்கடி கேக்குற கேள்விகள்

தோல் டாக்டரா வேல பாக்குறேன். ஓ.பி.ல வாரத்துக்கு நாலஞ்சு பேராவது இதே கதையோட வர்றாங்க, கையில ஒரு கட்டு ரிப்போர்ட்டும் சாப்பிடக்கூடாத லிஸ்ட்டும் இருக்கும், தடிப்பு மட்டும் போயிருக்காது. அவங்க கேட்ட கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

டாக்டர், ரெண்டு மாசமா சாயங்காலம் ஆனா உடம்பு பூரா தடிச்சு அரிக்குது, காலைல பாத்தா ஒண்ணுமே இல்ல. என்ன அலர்ஜினே கண்டுபிடிக்க முடியல.

கண்டுபிடிக்க முடியாததுக்கு காரணம், பெரும்பாலும் அது அலர்ஜியே கிடையாது. கொசு கடிச்ச மாதிரி தடிச்சு, நடுவுல கொஞ்சம் வெளுத்து, சுத்தி சிவந்து, பயங்கரமா அரிச்சு, சில மணி நேரத்துல தடம் தெரியாம அமுங்கிடுதுன்னா அதுக்கு பேரு அர்டிகேரியா, நம்ம ஊர்ல காணாக்கடினு சொல்லுவாங்க. இதுல நாங்க முதல்ல பாக்குறது எத்தன வாரமா இருக்குன்றதுதான். 6 வாரத்துக்குள்ள வந்து போச்சுன்னா வைரஸ் காய்ச்சல், புதுசா சாப்பிட்ட ஆன்டிபயாடிக், ஏதோ ஒரு சாப்பாடு இப்படி ஒரு காரணம் இருக்க வாய்ப்பு உண்டு. 6 வாரம் தாண்டி, வாரத்துல பல நாள் வந்துட்டே இருக்கு, வெளியில எதையும் காரணமா சொல்ல முடியலன்னா அதை நாள்பட்ட தன்னிச்சையான அர்டிகேரியானு சொல்றோம். தன்னிச்சைன்னா தானா வருதுன்னு அர்த்தம். 100 பேர்ல ஒருத்தருக்காவது வாழ்க்கைல ஒரு கட்டத்துல இது வருது, பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களை விட ரெண்டு மடங்கு. சாயங்காலம், ராத்திரி அதிகமாகுறதும் இதோட குணம்தான், அதுக்காக மத்தியானம் சாப்பிட்டதை சந்தேகப்பட வேண்டியதில்ல.

அலர்ஜி இல்லன்னா அப்புறம் எதனாலதான் வருது? காரணம் இல்லாம ஒண்ணு வருமா?

காரணம் இருக்கு, ஆனா அது வெளியில இல்ல, உள்ள இருக்கு. தோலுக்கு அடியில மாஸ்ட் செல்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள ஹிஸ்டமின் சின்னச் சின்ன பொட்டலமா அடைஞ்சு கிடக்கும். அந்தப் பொட்டலம் வெடிச்சா ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு தோல் தடிக்கும், நரம்பு சீண்டப்பட்டு அரிக்கும். இறால் அலர்ஜி இருக்குறவங்களுக்கு இறால் புரதம் உள்ள போய் அந்தப் பொட்டலத்தை வெடிக்க வைக்குது. உங்களுக்கு வெடிக்க வைக்குறது உங்க உடம்புலயே உருவான எதிர்ப்புப் புரதம். சிலருக்கு அது மாஸ்ட் செல்லோட மேல்பரப்புலயே நேரா போய் ஒட்டிக்கும், சிலருக்கு தைராய்டு புரதத்துக்கு எதிரா உருவான ஐ.ஜி.ஈன்ற எதிர்ப்புப் புரதம் அந்த வேலைய செய்யும். அதாவது தன் உடம்பையே எதிரியா நினைக்கிற வகை கோளாறு. தைராய்டு பிரச்சனை உள்ளவங்க கிட்ட இது கூடுதலா தெரியுறதுக்கும் இதான் காரணம்.

அதனாலதான் நீங்க சோப்பை மாத்தினாலும், துணி துவைக்கிற பவுடரை மாத்தினாலும், வீட்டையே மாத்தினாலும் தடிப்பு கூடவே வருது.

இறால் சாப்ட்ட அன்னிக்கு வந்துச்சே டாக்டர், அத எப்படி இல்லன்னு சொல்றீங்க?

கடிகாரத்தை வச்சுதான் சொல்றேன். சாப்பாட்டு அலர்ஜி ரொம்ப நேரம் காத்திருக்காது. சாப்பிட்ட சில நிமிஷத்துல, மிஞ்சிப் போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடும், அந்த சாப்பாடு மறுபடி உள்ள போகலன்னா ஒரு நாளுக்குள்ள முழுசா அடங்கிடும், அடுத்த தடவ அதையே சாப்பிட்டா மறுபடி வரும். இந்த மூணும் பொருந்தணும். நான் கேக்குற கேள்வி இதுதான்: இறால் சாப்பிடாத நாள்ல வரலையா? இறால் சாப்பிட்ட எல்லா நாளும் வந்துச்சா? தினமும் தடிப்பு வர்ற ஒருத்தர் எத சாப்பிட்டாலும் அன்னிக்கு தடிப்பு வரத்தான் செய்யும், சாதத்தையும் அதே மாதிரி குத்தம் சொல்லலாம். ஆனா இறால், கத்திரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்திருக்கோம், அதனால மனசு அந்த நாளை மட்டும் பிடிச்சு வச்சுக்குது.

ஒரு விதிவிலக்கு தெரிஞ்சு வச்சுக்கலாம். ஒரு வகை உண்ணி கடிச்ச பிறகு சிலருக்கு ஆடு மாடு பன்னி மாதிரியான கறிக்கு அலர்ஜி வருது, அது மட்டும் சாப்பிட்டு 3 லேர்ந்து 6 மணி நேரம் கழிச்சுதான் தெரியும். ராத்திரி மட்டன் சாப்பிட்டு நடுராத்திரில திடீர்னு தடிச்சு எழுந்திருக்கீங்க, மட்டன் சாப்பிடாத நாள்ல ஒண்ணுமே வரலைன்னா அத கண்டிப்பா சொல்லுங்க. தினமும் வர்றவங்களுக்கு இது பொருந்தாது.

லேப்ல 80 ஐட்டம் அலர்ஜி டெஸ்ட் எடுத்தோம், இறால், கத்திரிக்காய், பால், கோதுமை எல்லாம் பாசிட்டிவ்னு வந்திருக்கே. அப்போ அந்த ரிப்போர்ட் பொய்யா?

ரிப்போர்ட் பொய் இல்ல, அது சொல்றது வேற, நாம படிக்கிறது வேற. ரத்தத்துல ஐ.ஜி.ஈ இருக்குன்னா உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வச்சிருக்குன்னு அர்த்தம், அத சாப்பிட்டா தடிக்கும்னு அர்த்தம் இல்ல. நிறைய பேருக்கு பாசிட்டிவ் வரும், தட்டு நிறைய சாப்பிடுவாங்க, ஒண்ணும் ஆகாது. (ஐ.ஜி.ஜி பாக்குற சாப்பாட்டு பேனல்னு இன்னொண்ணு விக்குறாங்க, அது அலர்ஜியை காட்டவே காட்டாது, நீங்க வழக்கமா எத சாப்பிடுறீங்கன்னுதான் காட்டும். அதுக்கு காசு குடுக்காதீங்க.)

இங்க ஒரு பேஷன்ட்டோட கதைய சொல்றேன், மீதி கேள்விக்கும் உதவும். 36 வயசு, ஸ்கூல் டீச்சர். என்கிட்ட வரும்போது 9 வாரமா தடிப்பு. அவங்களும் இதே மாதிரி பெரிய பேனல் எடுத்திருந்தாங்க. வீட்டுத் தூசிப் பூச்சிக்கு நல்லா உயர்ந்திருந்தது, இறாலுக்கு லேசா, பாலுக்கும் கோதுமைக்கும் ஓரத்துல. லேப்ல குடுத்த லிஸ்ட்டை பாத்து பால், தயிர், சப்பாத்தி, மீன், இறால், முட்டை, கத்திரிக்காய், தக்காளி எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. 5 வாரத்துல 4 கிலோ எடை குறைஞ்சிருந்தது, புள்ளைங்களுக்கு தனியா தனக்கு தனியா சமைச்சு அலுத்துப் போயிருந்தாங்க, அரிப்பு ஒரு நாள் கூட நிக்கல. அந்த 5 வாரமே அவங்க கேள்விக்கு பதில். நிறுத்தியும் வந்துச்சுன்னா நிறுத்தினது காரணம் இல்ல.

அந்த இறால் பாசிட்டிவ்கூட ஏன் வந்துச்சுன்னு சொல்லலாம். தூசிப் பூச்சியோட தசையில ட்ரோபோமயோசின்னு ஒரு புரதம் இருக்கு, இறால் நண்டுலயும் கிட்டத்தட்ட அதே புரதம்தான். தூசிப் பூச்சிக்கு உருவான ஐ.ஜி.ஈ இறாலையும் பாத்து அடையாளம் தெரிஞ்ச மாதிரி ஒட்டிக்கும். அவங்களுக்கு குளிர் காலத்துல தும்மல் இருந்திருக்கு, அதுக்கும் தூசிப் பூச்சி ரிசல்ட்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம், தடிப்புக்கு இல்ல. காணாக்கடி வர்றதுக்கு முந்தின மாசம் வரைக்கும் இறால் தொக்கு சாப்பிட்டு ஒரு கோளாறும் இல்லன்னு அவங்களே சொன்னாங்க.

அப்போ எந்த டெஸ்ட் எடுக்கணும்?

ரொம்ப கொஞ்சம்தான். எல்லாருக்கும் ரத்த அணு கணக்கு, அதுல வகை பிரிச்சு, கூடவே உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற ஈ.எஸ்.ஆர் அல்லது சி.ஆர்.பி. அதுக்கு மேல தேவைப்பட்டா மொத்த ஐ.ஜி.ஈ அளவும், தைராய்டுக்கு எதிரான ஆன்டி டி.பி.ஓவும், தைராய்டு அறிகுறி இருந்தா டி.எஸ்.எச்சும் பாக்குறோம். அணு கணக்குல இயோசினோபில்ன்ற வெள்ளை அணு நல்லா ஏறியிருந்தா நம்ம ஊர்ல குடல்புழுவை யோசிக்கணும், மலம் டெஸ்ட் பண்ணி மருந்து குடுப்போம். நெஞ்செரிச்சல், வயித்துப் புண் மாதிரி தொந்தரவு இருந்தா ஹெச் பைலோரின்ற வயித்துக் கிருமி இருக்கான்னு பாக்கலாம். மத்தபடி உடம்பு பூரா ஸ்கேன் எடுத்து ஒளிஞ்சிருக்குற நோயை தேடுறது தேவையில்ல, பெரும்பாலும் ஒண்ணும் கிடைக்காது.

அந்த டீச்சருக்கு அணு கணக்கும் ஈ.எஸ்.ஆரும் நார்மல், டி.எஸ்.எச் நார்மல், ஆன்டி டி.பி.ஓ மட்டும் உயர்ந்திருந்தது. அதுக்காக தைராய்டு மாத்திரை தேவையில்ல, ஹார்மோன் அளவு சரியாத்தான் இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ டி.எஸ்.எச் பாத்துக்கிட்டா போதும். ஆனா உங்க உடம்புல இந்த மாதிரி ஒரு சுபாவம் இருக்குங்க, அதான் தடிப்பா தெரியுதுன்னு அவங்க கிட்ட சொல்ல அது உதவுச்சு.

டெஸ்ட்ல ஒண்ணும் வரலன்னா வேற பெரிய வியாதி எதுவும் ஒளிஞ்சிருக்காதுன்னு எப்படி நம்புறது?

பேனா எடுங்க. புதுசா வந்த தடிப்பை சுத்தி பால்பாயின்ட் பேனாவால வட்டம் போடுங்க, பக்கத்துல மணி எழுதுங்க, போட்டோ எடுங்க. அடுத்த நாள் அதே மணிக்கு வட்டத்துக்குள்ள பாருங்க. அந்த டீச்சர் ஒரு செவ்வாக்கிழமை ராத்திரி 7:40க்கு முன்னங்கையில ரெண்டும் தொடையில ஒண்ணும் வட்டம் போட்டாங்க, 11 மணிக்கு முன்னங்கை ரெண்டும் காலி, காலைல 6 மணிக்கு தொடையும் காலி, ஆனா வயித்துல புதுசா நாலு. எனக்கு காட்டின போட்டோல நீல வட்டத்துக்குள்ள வெறும் தோல்தான் இருந்தது, ஒரு தழும்பு கூட இல்ல. தடிப்பு நாள் பூரா இருக்குற மாதிரி தோணும், உண்மையில ஒவ்வொண்ணும் சில மணி நேரம்தான் இருக்கு, இடம் மாறி மாறி வருது. அப்படின்னா சாதா அர்டிகேரியா.

வட்டத்துக்குள்ள 24 மணி நேரம் தாண்டியும் அப்படியே இருக்கு, அரிப்பை விட எரிச்சலும் வலியும் ஜாஸ்தி, அமுங்கின பிறகு ரத்தம் கட்டின மாதிரி கருப்பா தடம் விடுதுன்னா கதை வேற. ரத்தக்குழாய் அழற்சியால வர்ற வகையா இருக்கலாம், அதுக்கு அந்தத் தடிப்புலயே சின்னதா சதை எடுத்து பயாப்ஸி பண்ணணும், சிறுநீரும், ரத்தத்துல காம்ப்ளிமென்ட்ன்ற புரதத்தோட அளவும் பாக்கணும். தடிப்போட சேந்து காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப, மூட்டு வீக்கம், எலும்பு வலி, எடை குறையுறது இருந்தாலும் அப்படித்தான், இன்னும் ஆழமா தேடணும். (நம்ம மாநிறத் தோல்ல சிவப்பு சரியா தெரியாது, சொறிஞ்ச இடமும் கருத்துப் போகும், அத தடிப்போட தடம்னு நினைச்சு குழம்பக்கூடாது. டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சுப் பாத்தா மேடு நல்லா தெரியும், விரலால தடவினாலும் தெரியும்.)

மாசா மாசம் அந்த மூணு நாள்ல ரொம்ப அதிகமாகுது, ஹார்மோன் பிரச்சனையா டாக்டர்?

டீச்சரும் இதேதான் கேட்டாங்க, நானும் முதல்ல அப்படித்தான் யோசிச்சேன். அப்புறம் அந்த நாள்ல வயித்து வலிக்கு என்ன போடுறீங்கன்னு கேட்டேன். மெஃபெனாமிக் ஆசிட் மாத்திரை, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு, காலேஜ் காலத்துலேர்ந்து போடுறாங்க, அதனால அத மருந்துன்னே சொல்லத் தோணல. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட் இந்த வகை வலி மாத்திரைங்க, நாள்பட்ட காணாக்கடி இருக்குறவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு தடிப்பை கிளறி விடும். நோயை உண்டாக்குறது அது இல்ல, ஏற்கனவே எரியுற அடுப்புல எண்ணெய் ஊத்துற மாதிரி. சளிக்கு வாங்குற கலவை மாத்திரைலயும், மூட்டு வலிக்கு போடுற ஊசிலயும் இது இருக்கும், அட்டையை திருப்பி பேரை படிச்சுப் பாருங்க.

அவங்கள பாராசிட்டமாலுக்கு மாத்தினேன், கூடவே சுடுதண்ணி பை. அடுத்த ரெண்டு மாசம் அந்த நாட்கள்ல கூடுதலா எகிறுறது நின்னுச்சு, வழக்கமான சாயங்கால தடிப்பு மட்டும் இருந்தது. இதயத்துக்கு டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுறவங்க தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்தவர் கிட்ட கேட்டுட்டுதான் செய்யணும்.

பேன்ட் இடுப்புப்பட்டி இருக்குற இடத்துல, பை மாட்டின தோள்ல வரி வரியா வருது, சொறிஞ்சா கோடு கோடா தடிக்குது. இதுவும் அதானா?

அக்கா தங்கச்சி மாதிரி, கூடவே ரெண்டும் இருக்கலாம். தூண்டினா வர்ற வகைன்னு தனியா ஒண்ணு இருக்கு. முதுகுல மழுங்கின குச்சியால கோடு போட்டா சில நிமிஷத்துல கோடு மேடா எழும்பும், அது உரசலால வர்றது. ஐஸ் கட்டிய பிளாஸ்டிக் பையில போட்டு முன்னங்கையில 5 நிமிஷம் வச்சு எடுத்து, அப்புறம் 10 நிமிஷம் கழிச்சுப் பாத்தா தடிச்சிருக்கும், அது குளிரால. இந்த ஐஸ் டெஸ்ட்ட டாக்டர் முன்னாடி பண்ணுங்க. குளிர் வகை இருக்குறவங்க கிணத்துல ஆத்துல திடீர்னு குதிக்கக்கூடாது, உடம்பு பூரா ஒரே நேரத்துல ஹிஸ்டமின் கொட்டி ரத்த அழுத்தம் விழுந்து தண்ணிக்குள்ளயே மயங்கிடுவாங்க. ஓடினா, வியர்த்தா, சுடுதண்ணில குளிச்சா பொடிப் பொடியா வர்றது இன்னொரு வகை.

மாத்திரை போட்டா போகுது, விட்டா வருது. இப்படியே போட்டா கிட்னி போயிடாதா?

விட்டா வர்றது மாத்திரையோட தோல்வி இல்லங்க, நோய் இன்னும் இருக்குன்னு அர்த்தம். மாத்திரை ஹிஸ்டமினோட வேலைய தடுக்குது, நோயை வேரோட எடுக்குறதில்ல. அது தானா அடங்குற வரைக்கும் உங்கள நிம்மதியா தூங்க வைக்குறதுதான் இதோட வேலை. நிறைய பேர் பண்ற தப்பு, அரிச்ச பிறகு ஒண்ணு போடுறது, அதுக்குள்ள ஹிஸ்டமின் போய் உக்காந்துடுது. அரிப்பு இருந்தாலும் இல்லன்னாலும் தினமும் அதே நேரத்துக்கு போடணும்.

இதுக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம், லீவோசெட்டிரிசின் 5, ஃபெக்ஸோஃபெனடின் 180, பிலாஸ்டின் 20, லோராடடின் 10 இப்படி புது தலைமுறை மாத்திரைங்க இருக்கு. அவில் மாதிரி பழசு தூக்கத்தை கெடுக்கும், மறுநாள் தலை கனமா இருக்கும், வண்டி ஓட்டுறவங்களுக்கு ஆபத்து, தினசரிக்கு அது வேண்டாம். புது மாத்திரைங்க கிட்னியை கெடுக்காது. ஏற்கனவே கிட்னி பாதிச்சவங்களுக்கு செட்டிரிசின் வகையில அளவை குறைக்கணும், அந்த உண்மைதான் வாய் மாறி வாய் மாறி கிட்னி போயிடும்னு ஆயிடுச்சு. ஃபெக்ஸோஃபெனடினையும் பிலாஸ்டினையும் பழ ஜூஸோட போடாதீங்க, உள்ள சரியா ஏறாது. பிலாஸ்டின் வெறும் வயித்துல போடணும்.

அளவு பத்தலன்னா எப்படி தெரியும்? நோட்டுல தினமும் ரெண்டு நம்பர் எழுதுங்க. தடிப்பு இல்லன்னா 0, 20க்கு கீழ 1, 20லேர்ந்து 50 வரை 2, அதுக்கு மேல 3. அரிப்புக்கும் அதே மாதிரி 0லேர்ந்து 3. 7 நாள் கூட்டினா அதிகபட்சம் 42. டீச்சருக்கு முதல் வாரம் 29, அது கடுமையான கணக்கு. செட்டிரிசின் தினமும் ஒண்ணு போட்டு ரெண்டு வாரத்துல 19 ஆச்சு, ஆனா கிளாஸ்ல தூக்கம் வருதுன்னாங்க, பிலாஸ்டினுக்கு மாத்தி காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு ஏத்தினேன், அடுத்த மூணு வாரத்துல 5. 6க்குள்ள வந்துட்டா நல்ல கட்டுப்பாடு, ஆனா நாம போக வேண்டிய இடம் 0. உலக அளவுல ஒத்துக்கிட்ட வழிமுறைப்படி இந்த மாத்திரைய வழக்கமான அளவுல நாலு மடங்கு வரைக்கும் ஏத்தலாம், ஆனா அத உங்க வயசு, ஈரல், கிட்னி, இதயம், வேற மருந்து எல்லாம் பாத்து டாக்டர்தான் ஏத்தணும். ரெண்டு மூணு விதத்த கலந்து போடுறத விட ஒண்ணையே ஏத்துறது நல்லது. கர்ப்பமா இருந்தா லோராடடினோ செட்டிரிசினோ தான் முதல் தேர்வு, சொல்லிட்டு போடுங்க.

எங்க ஊர் டாக்டர் ஒரு ஊசி போட்டாரு, அன்னிக்கே பளிச்சுனு போயிடுச்சு. அதையே போட்டுக்கலாமே?

அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. வேகமா அமுக்கும், நாலஞ்சு நாள்ல திரும்ப வரும், திரும்பப் போடுவீங்க, ஆறு மாசத்துல சுகர் ஏறி, பிரஷர் ஏறி, முகம் வீங்கி, எலும்பு தேஞ்சு நிக்கும், காணாக்கடியும் அப்படியே இருக்கும். தாங்க முடியாம எகிறின நேரத்துல சில நாளைக்கு, 10 நாளைக்கு மிகாம மாத்திரையா குடுக்குறது உண்டு. மாசக்கணக்குல கூடாது. வெள்ளை மாத்திரை, பேர் எழுதாத பொட்டலம் இதெல்லாம் வாங்கிச் சாப்பிடுறவங்க அதுல என்ன இருக்குன்னு கேளுங்க, பிரெட்னிசோலோனோ டெக்ஸாமெத்தசோனோ மாசக்கணக்குல சாப்பிட்டிருந்தா திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர் மூலமா குறைச்சுதான் நிறுத்தணும்.

பெரியவங்க மந்திரிச்சா சரியாகும்னு சொல்றாங்க, வெத்தலை மிளகு மென்னு தின்ன சொல்றாங்க, கம்பளிய வச்சு தேய்க்கவும் சொன்னாங்க.

வெத்தலை மிளகுல கெடுதல் இல்ல. ஒவ்வொரு தடிப்பும் சில மணி நேரத்துல தானா அமுங்குறதால எத செஞ்சாலும் கேட்ட மாதிரி தெரியும். கம்பளில மட்டும் தேய்க்காதீங்க, உரசலே புதுசா தடிப்பு கொண்டு வரும், சூடும் அப்படித்தான். சாதா தண்ணில நனைச்ச பருத்தித் துணிய போட்டா அரிப்புக்கு இதமா இருக்கும்.

காலைல எழுந்தா உதடு ஒரு பக்கம் வீங்கி கெடக்கு, கண்ணு தொறக்க முடியல. மூச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்கு.

தோலோட ஆழத்துல அதே ஹிஸ்டமின் வேலை செஞ்சா இப்படி வீங்கும், ஒரு நாள் ரெண்டு நாள் இருந்து போகும், நாள்பட்ட காணாக்கடி இருக்குறவங்கள்ல நிறைய பேருக்கு அப்பப்போ வருது. உதடு, கண்ணிமையோட நின்னுட்டா வழக்கமான மாத்திரை போட்டுட்டு டாக்டரை பாருங்க. ஆனா நாக்கு தடிச்சு, குரல் மாறி, எச்சில் முழுங்க முடியாம, மூச்சு இழுத்து, திடீர் வாந்தியோ தலைசுத்தலோ மயக்கமோ வந்தா, அதுவும் ஒரு சாப்பாடோ மருந்தோ பூச்சிக்கடியோ ஆன சில நிமிஷத்துல வந்தா, மாத்திரை போட்டு வேடிக்கை பாக்காதீங்க. உடனே 108. அங்க போட வேண்டியது தொடையில அட்ரினலின் ஊசி, அவிலும் ஸ்டீராய்டும் அதுக்கு பதிலாகாது.

இன்னொண்ணு, தடிப்போ அரிப்போ துளி கூட இல்லாம வீக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வருதுன்னா அது வேற வழி. பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுறீங்களான்னு பாக்கணும், வருஷக்கணக்கா சாப்பிட்ட பிறகுகூட அது வீக்கம் கொண்டு வரும். வீட்ல வேற யாருக்கும் அப்படி வீங்குதா, வயித்து வலியோட வருதா, அவில் போட்டும் அசையலையா, அப்படின்னா பரம்பரையா வர்ற வீக்க நோயை சோதிக்கணும்.

நாலு மடங்கு மாத்திரைக்கும் கேக்கலன்னா?

ரெண்டுலேர்ந்து நாலு வாரம் பாத்துட்டு ஒமலிசுமாப்னு ஒரு ஊசிக்கு போவோம், 300 மில்லிகிராம், 4 வாரத்துக்கு ஒரு தடவ தோலுக்கு அடியில. அது ரத்தத்துல சுத்துற ஐ.ஜி.ஈயை பிடிச்சு வச்சுக்குது. சிலருக்கு முதல் ஊசிலயே ஒரு வாரத்துல நிக்குது, சிலருக்கு ஆறு மாசம் வரை பாக்கணும், விலைதான் எல்லாராலயும் தாங்க முடியாது. அதுவும் முடியலன்னா சைக்ளோஸ்போரின் இருக்கு, அதுக்கு பிரஷரும் கிரியாட்டினினும் விடாம பாத்துட்டே இருக்கணும்.

எப்போதான் நிக்கும்? மாத்திரைய எப்போ விடலாம்?

பெரும்பாலானவங்களுக்கு 2லேர்ந்து 5 வருஷத்துக்குள்ள அடங்கிடுது, சிலருக்கு ஒரு வருஷத்துக்குள்ளயே, அஞ்சுல ஒருத்தருக்கு 5 வருஷம் தாண்டியும் போகுது. தேதி சொல்ல முடியாது, நோட்டுதான் சொல்லும். சில வாரம் தொடர்ந்து 0 எழுதினா ஒரு படி கீழ இறங்கலாம், ரெண்டுலேர்ந்து ஒண்ணு, ஒண்ணுலேர்ந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். தடிப்பு திரும்பினா பழைய படிக்கே ஏறணும், அதுல தப்பே இல்ல. செட்டிரிசின், லீவோசெட்டிரிசின் மாசக்கணக்கா போட்டு ஒரேயடியா நிறுத்தினா சிலருக்கு சில நாள்ல தடிப்பே இல்லாம வெறும் அரிப்பு மட்டும் கடுமையா வருது, அத நோய் திரும்பிடுச்சுன்னு பயப்படுறாங்க, அதனாலயும் மெதுவா குறைக்குறது நல்லது.

டீச்சர் நாலாவது மாசம் சாப்பாட்டை ஒண்ணொண்ணா திரும்பக் கொண்டு வந்தாங்க, முதல்ல தயிர், அடுத்த வாரம் சப்பாத்தி, அப்புறம் முட்டை, மீன், கடைசியா இறால். ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல பக்கத்துலயே நம்பர் எழுதினாங்க, எதுலயும் எகிறல. ஏழாவது மாசம் காலைல மட்டும் ஒண்ணுக்கு குறைச்சோம், பத்தாவது மாசம் அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினப்ப நாலாவது நாளே தொடையில ஆறேழு வந்துச்சு, மறுபடி தினமும் ஒண்ணுக்கே போயிட்டோம். இப்போ 14 மாசம் ஆகுது. போன தடவ வந்தப்ப நோட்ல 23 நாள் 0, நடுவுல ஒரு 2 மட்டும், அது பல் பிடுங்கின அன்னிக்கு கிளினிக்ல குடுத்த டைக்ளோஃபெனாக் மாத்திரைக்கு, அட்டைய திருப்பி பாத்து அவங்களே பக்கத்துல பேரை எழுதி வச்சிருந்தாங்க.